இரண்டு பௌவரையும் வைத்துக்கொண்டு பாஸ் சொன்னவள்

மிச்சிகனில் பெல் க்ரீக் ஊருக்குள் போய் வெர்லீன் கூப்ஃபர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூட பஸ் ஓட்டினவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முழங்கால் பனியில் அத்தனை குளிர்காலம் வண்டி ஓட்டி, ஒரு குழந்தைக்கும் ஒரு கீறல் விழாமல் வீட்டு வாசலில் இறக்கிவிட்டவள் என்பதெல்லாம் அவர்கள் நினைவில் இல்லை. "ஓ, அவளா? ரெண்டு பௌவரையும் கையில வச்சுக்கிட்டு பாஸ் சொன்னவ!" என்பார்கள். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை ஊருக்குக் கற்றுக்கொடுத்தவன் வேறு யாருமில்லை, அவளைக் கட்டிய டெல்பர்ட்தான்.

நடந்தது இதுதான். கல்யாணமான புதிதில் புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாக யூக்கர் என்கிற சீட்டாட்டம் ஆடப் போனார்கள். எங்கள் ஊரில் அது வழக்கம். நான்கு பேர், எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஒரு கட்சி, ஆளுக்கு ஐந்து சீட்டு. மிச்சத்தில் மேல் சீட்டைத் திருப்பி வைப்பார்கள். அந்த ஜாதியே துருப்பாக இருக்கட்டும் என்று நினைக்கிறவர் "எடு" என்று சொன்னால், சீட்டுப் போட்டவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வேண்டாத ஒன்றைக் கழித்துவிட வேண்டும். மனசில்லையென்றால் "பாஸ்". ஆனால் "எடு" என்று சொன்ன கட்சி ஐந்தில் மூன்று பிடியாவது பிடித்தாக வேண்டும். பிடித்தால் ஒரு பாயிண்ட். பிடிக்காவிட்டால் எதிராளிக்கு இரண்டு பாயிண்ட், கூடவே ஊர்ச் சிரிப்பு.

துருப்பு ஜாதி ஜாக்கிதான் வலது பௌவர். ஏஸும் ராஜாவும் அதற்குக் கீழேதான். அதே நிறத்து இன்னொரு ஜாக்கி இடது பௌவர், இரண்டாவது பெரியது. ஆர்ட்டின் துருப்பானால் டைமன் ஜாக்கி அந்த ஆட்டம் முடியும்வரை டைமனே இல்லை, ஆர்ட்டினோடு சேர்ந்துகொள்ளும்.

அன்றைக்குச் சீட்டுப் போட்டவன் டெல்பர்ட். திருப்பியது ஆர்ட்டின் பத்து. வெர்லீன் கையில் ஆர்ட்டின் ஜாக்கி, டைமன் ஜாக்கி, இரண்டும். "எடு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் வாயிலிருந்து வந்தது "பாஸ்". டெல்பர்ட் கையில் ஒன்றும் இல்லாததால் அவனும் பத்தைக் கவிழ்த்துவிட்டான். எல்லாரும் பாஸ் என்றால் வேறு ஜாதியைச் சொல்லலாம்; எதிராளிகள் கிளாவரைத் துருப்பாகச் சொல்லி ஆட்டத்தை வாரிக்கொண்டு போனார்கள்.

ஏன் பாஸ் சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை. நான் சொல்கிறேன். அதற்கு முந்தின வாரம் ஒரே ஒரு பௌவரை நம்பி "எடு" என்று சொல்லித் தோற்றிருந்தாள். வண்டியில் வீடு வந்து சேருகிறவரை அவன் வாய் ஓயவில்லை. "உனக்கெல்லாம் சீட்டு எதுக்கு? தலைக்குள்ள என்ன இருக்கு, தவிடா?" என்று கேட்டபடியே ஓட்டினான். அந்தப் பயத்தில் அடுத்த வாரம் நாக்கு எழவில்லை. அவ்வளவுதான்.

அதன்பிறகு அவளோடு ஜோடி சேர மாட்டேன் என்று டெல்பர்ட் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். கேஸ் சிலிண்டர் லாரி ஓட்டுகிற ஆரின் டீச்சவுட் அவன் ஜோடியானான். இருவரும் முன்னாள் ராணுவத்தார் சங்கக் கூடத்தில் ஞாயிறு மத்தியானம் தவறாமல் ஆடினார்கள், குளிர்காலத்துக்குக் குளிர்காலம் கோப்பை வாங்கினார்கள். வெர்லீன் அந்தக் கூடத்துச் சமையலறையில் கொத்துக்கறி வேகவைத்து பன்னுக்குள் அடைத்துக் கொடுத்தாள், காபி ஊற்றினாள். காபி ஊற்றுகிற சாக்கில் ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் நின்று ஆட்டத்தைப் பார்த்தாள்.

பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். காலை நடைக்கும் சாயங்கால நடைக்கும் நடுவே காலி பஸ்ஸில் உட்கார்ந்து, இன்ஜின் மூடியின் மேல் நான்கு கை போட்டு, நான்கு பேருக்காகவும் அவளே ஆடுவாள். எப்போது எடுக்கச் சொல்லலாம், எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும், ஜோடி சீட்டுப் போடும்போது ஒரு பௌவரே போதும், எதிராளி போட்டால் அது போதாது, இதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில் இருந்தது. வீட்டில் வாயைத் திறக்க முடியாது. திறந்தால் டெல்பர்ட் அந்தப் பழைய கதையை எடுத்துவிடுவான். தாங்க்ஸ்கிவிங் விருந்தில் எடுத்தான். மகன் வேட் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு எடுத்தான். சம்பந்தி வீட்டார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வேறு என்ன செய்வாள்?

டெல்பர்ட்டுக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது, "மூக்கு". ஜாக்கி யார் கையில் இருக்கிறது என்று மோந்தே கண்டுபிடிப்பான் என்பார்கள். கையில் இரண்டு சின்னத் துருப்பை வைத்துக்கொண்டு "எடு" என்பான். பார்த்தால் எதிரே ஆரின் கையில் பௌவர் சிரித்துக்கொண்டிருக்கும். நல்ல கையை வைத்துக்கொண்டு பாஸ் சொல்வான். பார்த்தால் பௌவர் எதிராளியிடம் இருக்கும். வெர்லீனே அசந்துபோயிருக்கிறாள். இந்த மனுஷனுக்கு இருக்கிற எதுவோ ஒன்று எனக்கு இல்லைதான் போலிருக்கிறது என்று மனசுக்குள் ஒப்புக்கொண்டும் இருக்கிறாள்.

அவன் ஒரு அக்டோபரில் தானியக் கிடங்கில் வேலை நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழவில்லை. ஜோடியில் ஒருவர் இல்லையென்றால் சங்கத்துப் போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஆரின் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"டெல்பர்ட் நாற்காலி காலியா கெடக்கு வெர்லீன். நீங்க வந்து உக்காந்தா நம்ம பேரு நிக்கும்" என்றான்.

"ஊரு சிரிக்குமே, ஆரின்."

"சிரிக்கட்டும். நீங்க அவரோட குடும்பம் நடத்துனவங்க. உங்களுக்குத் தெரியாததா?"

அந்தக் கடைசி வார்த்தையை அவள் தன் ஆட்டத்துக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டாள். பாவி மனுஷி, அன்று இரவு தூக்கம் பிடிக்காமல் புரண்டாள். அவளுக்குக் கோப்பை வேண்டியதில்லை. இந்த ஊர் ஒரே ஒரு தடவை, டெல்பர்ட் தப்பாகச் சொல்லிவிட்டான் என்று சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் வேண்டும்.

குளிர்காலம் முழுக்க ஆடினார்கள். முதல் இரண்டு வாரம் அந்தப் பழைய கேலி கேட்டது. மூன்றாவது வாரம் கொஞ்சம் அடங்கியது. வெர்லீன் நிதானமாக ஆடினாள், எண்ணி ஆடினாள், ஜெயித்தாள். அவளுக்கு உறுத்தியது ஆரின்தான். அவள் ஏதாவது தப்பாகக் கணித்துவிட்டால் அவன் வியப்போடு பார்த்தான். 'கண்ணு தெரியலையா உனக்கு' என்கிற பார்வை.

ஜனவரியில் ஒரு நாள் பிடிபட்டது. ஆரின் சில ஆட்டத்தில் சீட்டைக் கையிலேயே விசிறியாகப் பிடித்திருந்தான். சில ஆட்டத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தான். கவிழ்த்து வைத்தபோதெல்லாம் திருப்பின ஜாதிக்கு ஒரு பௌவர் அவனிடம் இருந்தது. கையில் வைத்திருந்தபோது இல்லை. மூன்று ஞாயிறு கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள். ஒரு தடவைகூட மாறவில்லை.

டெல்பர்ட்டின் மூக்கு அதுதான். முப்பது வருஷ மூக்கு!

கூடத்துக்குப் பின்னால் வண்டி நிறுத்துகிற இடத்தில் ஆரினை மடக்கினாள்.

"சீட்டக் கவுத்து வைக்கிறியே ஆரின், அது என்ன பழக்கம்?"

அவன் முழித்தான். "என்ன வெர்லீன், இப்பக் கேக்கறீங்க? அவரு சொல்லலையா? தெரிஞ்சுதான் உக்காந்தீங்கன்னு நெனச்சேன்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"உங்க மூஞ்சி காட்டிக்குடுத்துடும்னு சொல்லுவாரு. மொதல்ல உங்களோட செஞ்சு பாக்கலாம்னுதான் இருந்தாராம். அப்புறம், இவளுக்கு இதெல்லாம் எறங்காது, யாராச்சும் கேட்டா உண்மையச் சொல்லிப்புடுவான்னு விட்டுட்டாரு."

"எனக்குத் தலைக்குள்ள தவிடுன்னுல்ல ஊரெல்லாம் சொன்னாரு."

"அது சும்மா வேடிக்கைக்கு..."

"வேடிக்கையா? எம் புள்ள கல்யாணத்துலயா வேடிக்கை?"

ஆரின் பூட்ஸால் பனியைக் கிளறிக்கொண்டு நின்றான்.

"இனிமே கவுத்து வைக்காத. இல்ல, எல்லா ஆட்டத்துலயும் கவுத்து வை" என்றாள்.

"முயற்சி பண்றேன். முப்பது வருஷக் கை, அதுபாட்டுக்குப் போகுது."

அப்போதே விலகியிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். விலகினால் என்ன ஆகும்? பாதியில் ஓடிவிட்டாள், டெல்பர்ட் சொன்னது சரி என்பார்கள். எழுந்து நின்று சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சாவு வீட்டுப் பூ வாடுவதற்குள் புருஷனைத் திருடன் என்று சொல்ல வேண்டும். அவள் மூன்றாவது வழியைப் பிடித்தாள். ஆரின் கையையே பார்க்காமல் ஆடுவது. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவன் கையை எப்படிப் பார்க்காமல் இருப்பது? தெரிந்துவிட்ட ஒன்றை எப்படித் தெரியாமல் ஆக்குவது? அதனால் ஒவ்வொரு தடவையும் தன்னையே கேட்டுக்கொண்டாள்: அந்தச் சைகை இல்லாவிட்டால் நான் என்ன சொல்வேன்? அதையே சொன்னாள். சில ஆட்டம் அதனால் போயிற்று. இருந்தும் இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டார்கள்.

மார்ச் மாத ஞாயிறு. எதிராளிகள், பால்பண்ணை கெரிட் ஹேவ்மனும் அவன் அண்ணி ட்வைலாவும். இருவரும் நேர்மையான ஆட்டக்காரர்கள். கூடம் நிறைய ஆள். மற்ற மேசையெல்லாம் முடிந்து எல்லாரும் சுற்றி நின்றார்கள். பத்து பாயிண்ட் ஆட்டம். வெர்லீன் கட்சி ஒன்பதுக்கு வந்தது. எதிராளி ஆறு.

ஒன்பது வந்துவிட்டால் 'மாடு தொழுவத்துக்கு வந்தாச்சு' என்பார்கள். ஜோடியில் ஒருவர் விரல்களைக் கோத்து இரண்டு கட்டைவிரலையும் கீழே தொங்கவிட, மற்றவர் அதைப் பிடித்துப் பால் கறப்பதுபோல் இழுக்க வேண்டும். ஆரின் கையைக் கோத்து நீட்டினான். கூடம் கைதட்டியது. வெர்லீன் அந்தக் கட்டைவிரல்களைப் பிடித்து இழுத்தாள். இத்தனை வருஷம் சமையலறை வாசலில் நின்று பார்த்த வேடிக்கை. அவளுக்கு வாய் நிறையச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நிமிஷம் அவள் ஆரினைக்கூட மன்னித்திருப்பாள்.

கெரிட் சீட்டுப் போட்டான். திருப்பியது இஸ்பேட் ஜாக்கி. வலது பௌவரே நேராக அவன் கைக்குப் போகப் போகிறது. முதல் பேச்சு அவனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்த வெர்லீனுடையது. அவள் கையைப் பார்த்தாள். டைமன் ஏஸ், சின்ன டைமன், இரண்டு ஆர்ட்டின், கிளாவர் ராணி. ஒரு இஸ்பேட்கூட இல்லை. இடது பௌவரான கிளாவர் ஜாக்கியும் இல்லை.

இங்கேதான் விஷயம். எல்லாரும் பாஸ் சொல்லிவிட்டால் கெரிட் ஜாக்கியை எடுத்துக்கொண்டு தனியாக ஆடலாம். ஜோடியை ஒதுக்கி வைத்துவிட்டு ஒற்றை ஆளாக ஐந்து பிடியும் பிடித்தால் நான்கு பாயிண்ட். ஆறும் நான்கும் பத்து. ஆட்டம் முடிந்தது. இப்படி ஒன்பதுக்கு ஆறில், கையில் ஒன்றும் இல்லாமல் முதலில் உட்கார்ந்திருக்கிறவர் தெரிந்தே தோற்க வேண்டும் என்பது பழைய ஆட்டக்காரர்கள் முறை. "எடு" என்று சொல்லிவிட்டால் துருப்பு உன்னுடையதாகிறது, எதிராளி தனியாக ஆட முடியாது. தோற்றாலும் இரண்டு பாயிண்ட்தான் போகும், எட்டு. அடுத்த சீட்டு நீ போடுவாய். பஸ் இன்ஜின் மூடியின் மேல் அவள் இதை நூறு தடவை ஆடிப் பார்த்திருக்கிறாள்.

"எடு" என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஆரின் தன் ஐந்து சீட்டையும் மேசைமேல் கவிழ்த்து வைத்தான்.

கிளாவர் ஜாக்கி அவனிடம் இருக்கிறது. துணைக்கு ஒரு இஸ்பேட்டும் இருந்தால் கெரிட் ஐந்தும் பிடிக்க முடியாது. அப்படியானால் பாஸ் சொல்லலாம், போவது ஒரே பாயிண்ட். டெல்பர்ட்டாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் சொல்லி, மூக்கைத் தடவிவிட்டுக்கொண்டு, கூடத்தின் கைதட்டலை வாங்கியிருப்பான்.

வெர்லீனுக்குக் காது சூடேறியது. இதற்கா உட்கார்ந்தேன்? அவன் மூக்கைப் போட்டுக்கொண்டு ஜெயித்தால் ஜெயித்தது யார்?

"எடு, கெரிட்" என்றாள்.

கூடத்தில் ஒரு முனகல். ஆரின் முகம் செத்துப்போயிற்று.

வெர்லீன் டைமன் ஏஸை இறக்கினாள், கெரிட் துருப்பால் வெட்டினான். வலது பௌவரைப் போட்டு ஒரு பிடி பிடித்தான். அடுத்து இஸ்பேட் ஏஸைப் போட, ஆரின் கிளாவர் ஜாக்கியால் அதைப் பிடித்தான். வெர்லீன் கட்சிக்குக் கிடைத்தது அந்த ஒன்றுதான். ஒன்பதுக்கு எட்டு.

"ஆரின் கையில இடது பௌவர், கூட ஒரு பத்து வேற இருந்திருக்கு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "பாஸ் சொல்லியிருந்தா ஒரு பாயிண்ட்டோட போயிருக்கும்."

"கையில ஒண்ணும் இல்லாட்டி நானும் எடுன்னுதான் சொல்லுவேன்" என்றாள் ட்வைலா. நியாயம் பேசுகிறவள். ஆனால் விடாமல் மேலும் சொன்னாள்: "என்னமோ, டெல்பர்ட் இந்த மாதிரி எடத்துல தேவையில்லாம ஒரு தடவ கூட எடுக்கச் சொன்னதில்ல. ஒரு தடவ கூடத் தப்பாப் போனதும் இல்ல. அதெல்லாம் பொறப்புலயே வரணும்."

அடுத்த சீட்டு வெர்லீன் போட்டாள். திருப்பியது ஆர்ட்டின் ஒன்பது. ட்வைலா பாஸ். ஆரின் சீட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு பாஸ். கெரிட் பாஸ். வெர்லீன் கையில் இடது பௌவரான டைமன் ஜாக்கி, ஆர்ட்டின் ராஜா, கிளாவர் ஏஸ். ஒன்பதையும் எடுத்துக்கொண்டால் மூன்று துருப்பு, ஒரு ஏஸ். யாரும் எடுக்கிற கைதான். ஆனால் ஆரின் கை சொல்கிறது: என்னிடம் ஜாக்கி இல்லை, ஜாக்கிரதை. இந்தத் தடவை அவள் தன்னைக் கேட்டுக்கொண்டபோது பதில் தெளிவாக வரவில்லை. எடுக்கத் தோன்றுவது கையிலிருக்கும் சீட்டாலா, அல்லது அவன் எடுக்காதே என்கிற ஆத்திரத்தாலா? அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவள் சொந்தப் புத்தியையே டெல்பர்ட்டும் ஆரினுமாக அழுக்காக்கிவிட்டார்கள். அதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

எடுத்தாள். இரண்டு பிடி பிடித்தாள். வலது பௌவர் ட்வைலாவிடம் பூனைபோல் படுத்திருந்தது. மூன்றாவது பிடிக்கு நம்பியிருந்த கிளாவர் ஏஸைக் கடைசியாக இறக்கினாள். ட்வைலா ஆர்ட்டின் ராணியால் அதை வெட்டினாள். இரண்டு பாயிண்ட் போய், எதிராளிக்குப் பத்து. ஆட்டம் முடிந்தது.

கெரிட் எழுந்து கைகொடுத்தான். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலாம். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வரும்போது, தணிந்த குரலில், இரக்கத்தோடு யாரோ சொன்னது காதில் விழுந்தது.

"டெல்பர்ட் சும்மா சொல்லல, பாரு."

வண்டியருகே ஆரின் காத்திருந்தான். "நான்தான் கவுத்து வச்சேனே வெர்லீன். பாக்கலையா?"

"பாத்தேன்."

"பாத்துமா?"

அவள் வண்டிக் கண்ணாடியில் ஒட்டின பனியைச் சுரண்டினாள். அவன் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்து பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. கிராண்ட் ராபிட்ஸிலிருந்து வேட் கூப்பிட்டான். சங்கதி அதற்குள் அவனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"போனா போவுதும்மா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றான்.

அந்தக் கனிவுதான் அவளை உடைத்தது. முதல் தடவையாக வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னாள். சீட்டைக் கவிழ்த்து வைத்தது, முப்பது வருஷ மூக்கு, சைகை தெரிந்தும் அதைக் கணக்கில் எடுக்காமல் தான் "எடு" என்று சொன்னது, எல்லாம். நாக்கு தடுமாறியது, அழுகை வேறு வந்தது. ஆனாலும் ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள்.

"அம்மா" என்றான் வேட். குரல் டெல்பர்ட்டின் குரலாகவே இருந்தது. "நீ தோத்துட்டு வந்ததுக்கு, செத்துப்போன அப்பா மேல ஏம்மா பழியப் போடற? இத வேற யார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத. சிரிப்பாங்க."

"சரிப்பா" என்று போனை வைத்தாள்.